“சேல்ஸ் ரிப்போர்ட் ஒண்ணு போட்டுக் குடு பாப்பா”

எங்க ஊர் தெள்ளார். வந்தவாசிக்குப் பக்கம். கிளாஸ்ல ஊர் பேரச் சொன்னா தமிழ் மீடியத்துல படிச்ச ரெண்டு பேர் மட்டும் “நந்திவர்மன் சண்டை போட்ட ஊர்தானே?”னு கேப்பாங்க. ஆமா, அதே தெள்ளாறுதான். மூன்றாம் நந்திவர்மன் ஒன்பதாம் நூற்றாண்டுல பாண்டியனை ஜெயிச்ச இடம். ஆனா இந்தக் கட்டுரையில வர்ற போர்ல தோத்தது நான். ஆயுதம் ஒரு எக்செல் ஃபைல்.

சித்தப்பா பட்டுச் சேலை வியாபாரம் பண்றார். வீடு தெள்ளார்ல, வேலை ஆரணியில. தினமும் காலையில வண்டியில கிளம்பிடுவார். ஆரணி பக்கத்து கிராமங்கள்ல 24 தறிக்கு பாவு, ஊடை, சரிகை எல்லாம் இவர் குடுப்பார். நெய்றவங்க சேலையா திருப்பிக் குடுத்துக் கூலி வாங்கிப்பாங்க. அந்தச் சேலைகளை வெளியூர்க் கடைகளுக்கு ஹோல்சேலா அனுப்புவார். தறியில நெய்றது பத்தாதப்ப ஆரணியிலயே மத்தவங்க கிட்ட வாங்கியும் அனுப்புவார். வீட்டுக்கு நேரா வர்றவங்களுக்கும், வாட்ஸ்அப்ல கேக்கறவங்களுக்கும் சித்தி விப்பாங்க. அது தனி.

2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழன். மறுநாளும் லீவு விட்டாங்க, சனி ஞாயிறு சேர்த்து நாலு நாள். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது சித்தப்பா சொன்னார்:

“நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே பாப்பா. போன வருஷம், இந்த வருஷம் ரெண்டையும் வெச்சு ஒரு சேல்ஸ் ரிப்போர்ட் போட்டுக் குடேன். பில் எல்லாம் சிஸ்டம்லதான் இருக்குது.”

நான் மூணாம் வருஷம் ஐ.டி. டேட்டா அனாலிட்டிக்ஸ் எலெக்டிவ்ல ‘ஓ’ கிரேடு. “குடுத்துடறேன் சித்தப்பா”ன்னேன். ஒரு கேள்வி கேக்கல. அதான் தப்பு. ஆனா அப்ப அது தன்னம்பிக்கை மாதிரி இருந்துச்சு.

22 பக்கம்

பில்லிங் சாஃப்ட்வேர்ல இருந்து எல்லாத்தையும் எக்செல்லுக்கு எடுத்தேன். மாச வாரியா, கடை வாரியா, கலர் வாரியா, ரக வாரியா பிரிச்சேன். வட்டப் படம், தூண் படம், கோட்டுப் படம்னு எல்லாம் போட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில 22 பக்கம் பிரின்ட் எடுத்து, வெளியில திண்ணையில உக்காந்திருந்த சித்தப்பா கையில குடுத்தேன்.

அவர் முதல் பக்கத்தப் பாத்தார். அதுல பெரிய எழுத்துல நான் போட்டிருந்தது: அக்டோபர் 2023ல கடைகளுக்கு அனுப்பினது 140 சேலை, அக்டோபர் 2024ல 230 சேலை. 64 சதவீதம் ஏத்தம். கீழ வட்டப் படத்துல பாதிக்கு மேல லைட் வெயிட் ரகம். மீதி மீடியமும் கிராண்டும்.

மத்த 21 பக்கத்தையும் புரட்டினார், படிக்கல. “நல்லா இருக்குது பாப்பா”ன்னு சொல்லிட்டு போனை எடுத்தார். பாவு போடறவர் கிட்ட பேசறார்: “இந்த தடவ லைட்டுதான் பறக்குது. தைக்கு லைட்டுக்கே ஒரு 60 பாவு போட்டுடலாம்.”

எனக்கு ஒரே சந்தோஷம். நம்ம ரிப்போர்ட்ட வெச்சு ஒருத்தர் முடிவு எடுக்கறாரே! அப்ப உள்ள இருந்து சித்தி வந்தாங்க. என் பேப்பர எடுத்துப் பாத்துட்டு, ரொம்ப சாதாரணமா கேட்டாங்க:

“போன வருஷம் தீபாவளி நவம்பர்லதான வந்துச்சு?”

அவ்ளோதான். 64 சதவீதமும் திண்ணையிலயே உக்காந்துடுச்சு.

நாள்காட்டி பண்ண வேலை

2023ல தீபாவளி நவம்பர் 12. 2024ல அக்டோபர் 31. அதனால 2023ல தீபாவளிக்கு அனுப்பின சேலைல ஒரு பங்கு நவம்பர் மாசத்துல விழுந்துடுச்சு. 2024ல நவம்பருக்கு ஒண்ணுமே மிச்சமில்ல, எல்லாம் அக்டோபருக்குள்ளயே முடிஞ்சது. நான் ஒப்பிட்டது ஒரு முழு சீசனையும் ஒரு முக்கால் சீசனையும்.

உக்காந்து திரும்பப் போட்டேன். இந்த முறை மாசம் இல்ல, தீபாவளிக்கு முந்தின 60 நாள். 2023க்கு செப்டம்பர் 13ல இருந்து நவம்பர் 11 வரை. 2024க்கு செப்டம்பர் 1ல இருந்து அக்டோபர் 30 வரை. வந்த கணக்கு: 310 சேலை, 330 சேலை. ஏத்தம் 64 இல்ல, 6 சதவீதம் சொச்சம்.

இது ஒரு வருஷக் கூத்து இல்ல. தீபாவளி அமாவாசைய வெச்சு வர்றது. சந்திரக் கணக்குல வருஷம் 11 நாள் சின்னது. அதனால தீபாவளி ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினோரு நாள் முன்னாடி வந்துகிட்டே இருக்கும். அப்புறம் ஒரு அதிக மாசம் சேத்த வருஷத்துல சடார்னு பின்னாடி தள்ளிப் போகும். 2022ல அக்டோபர் 24, அடுத்த வருஷம் நவம்பர் 12, அப்புறம் அக்டோபர் 31, அப்புறம் 2025ல அக்டோபர் 20. துணிக்கடை, பட்டாசு, ஸ்வீட், எது வித்தாலும் “அக்டோபருக்கு அக்டோபர்” ஒப்பிட்டா இதுல மாட்டுவோம். ரம்ஜானுக்கும் இதே கதைதான். அது இன்னும் மோசம், அங்க அதிக மாசமே கிடையாது, முன்னாடியே போய்கிட்டு இருக்கும்.

சரி, தப்பத் திருத்தியாச்சு, 6 சதவீதம்னு மாத்திக் குடுத்துடலாம்னு தோணுச்சு. அப்பதான் நல்லவேளையா ஒரு விஷயம் உறைச்சது. சித்தப்பா போன்ல பேசினது தீபாவளியப் பத்தி இல்ல. “தைக்கு”ன்னார்.

அப்பதான் கேட்ட கேள்வி

நான் கேட்டேன்: “சித்தப்பா, இந்தப் பேப்பர வெச்சு நீங்க இன்னா பண்ணப் போறீங்க?”

“இன்னா பண்றது, தைக்கு எந்த ரகத்துல எவ்ளோ பாவு போடறதுன்னு பாக்கணும். பதினஞ்சாம் தேதிக்குள்ள பாவு ஏறணும். கிராண்ட் எல்லாம் நெய்ய நாளாவும். மார்கழில கடைக்காரங்க ஸ்டாக் எடுக்க ஆரம்பிச்சுடுவாங்க.” கொஞ்சம் நிறுத்திட்டு, “அப்புறம் பேங்க்லயும் கேட்டுகினு இருக்காங்க. சிசி லிமிட் ஏத்தணும்னு எழுதிக் குடுத்திருக்கேன். அதுக்கும் இதையே குடுத்துடலாமேன்னு பாத்தேன்.”

நான் ரெண்டு நாள் ராத்திரி கண்ணு முழிச்சதுக்கு இந்த ரெண்டு வாக்கியமும் பதில் சொல்லிடுச்சு. ‘சேல்ஸ் ரிப்போர்ட்’னு அவர் சொன்ன ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டு வேற வேற பேப்பர் இருந்துச்சு. ஒண்ண படிக்கப் போறது சித்தப்பாவும் பாவு போடறவரும். இன்னொண்ண படிக்கப் போறது பேங்க் மேனேஜர்.

படிக்கிற ஆள் மாறினா மத்த எல்லாமே மாறுதுன்னு அப்பதான் புரிஞ்சது. பேங்க்குக்கு முழு வியாபாரமும் வேணும். தறில நெஞ்சது, வாங்கி வித்தது, சித்தி வித்தது எல்லாம் சேத்து, ரூபாய்ல. காலம் ஏப்ரல்ல இருந்து மார்ச். சின்னத் தொழில்களுக்கு நடைமுறை மூலதனக் கடன் குடுக்கும்போது, அடுத்த வருஷம் எதிர்பார்க்கிற விற்பனைல குறைஞ்சது 20 சதவீதம்னு கணக்குப் போடற ஒரு முறை பேங்குகள்ல இருக்கு. அதனால அவங்களுக்கு அந்த விற்பனைத் தொகைதான் உயிர். அது நாம ஜிஎஸ்டிஆர்-3பில காட்டினதோட பொருந்தணும். பட்டுச் சேலைக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. பில்லுல 1,05,000 ரூபாய்னு இருந்தா விற்பனை 1,00,000 மட்டும்தான். நான் என் 22 பக்கத்துல பில் தொகையை அப்படியே கூட்டி வெச்சிருந்தேன். அதக் கொண்டு போய்க் குடுத்திருந்தா, சித்தப்பா தாக்கல் பண்ணதும் பேங்க்ல குடுத்ததும் வேற வேறயா நின்னிருக்கும்.

பாவு போடறவருக்கு இந்த ரூபாய்க் கணக்கு எதுவுமே தேவையில்ல. அவருக்கு வேண்டியது: எந்த ரகம், எத்தனை பாவு.

பேங்க் பேப்பர ஆடிட்டர் கிட்ட விட்டுடலாம்னு முடிவாச்சு. அவர் கிட்ட ஏற்கெனவே தாக்கல் பண்ண கணக்கு இருக்கு. நான் தைக்கு மட்டும் செய்யறது. வேலை பாதியாச்சு.

எதெல்லாம் உள்ள, எதெல்லாம் வெளிய

சாயங்காலம் பஸ் ஏறணும். அதுக்குள்ள ஒவ்வொண்ணா கேட்டேன். “ஸ்கோப் என்ன சித்தப்பா”னு கேட்டா அவர் என்ன சொல்வார்? அதனால வேற மாதிரி கேட்டேன். “இந்த நம்பர் கூடக்குறைய இருந்தா நீங்க எதையாவது மாத்துவீங்களா?” மாத்துவேன்னா உள்ள. மாத்த மாட்டேன்னா வெளிய.

ஆரணியில வாங்கி அனுப்பற சேலை? “அத அப்பப்ப வாங்கிக்கலாம், இப்ப எதுக்கு?” வெளிய. சித்தி விக்கிறது? “அது அவங்க கணக்கு, அவங்களே எடுத்து வெச்சுப்பாங்க.” வெளிய. கலர்? “கலர் அந்தந்த கடைக்காரன் சொல்வான், பாவு ஏத்தும்போது பாத்துக்கலாம்.” வெளிய. கலர் வாரியா நான் போட்ட அஞ்சு பக்கமும் போச்சு.

ரகம்? “அதானே பாப்பா கேக்கறேன்!” உள்ள.

அடுத்தது ‘விற்பனை’ன்னா எது. இது சுலபம்னு நினைச்சேன். பில் போட்டா விற்பனைதானே? ஹோல்சேல்ல அப்படி இல்ல. கடைக்கு அனுப்பின சேலைல போகாதது திரும்பி வரும். தீபாவளிக்கு அனுப்பினதுல மிச்சம், தீபாவளி முடிஞ்சு ஒண்ணரை மாசம் வரைக்கும் வந்துகிட்டே இருக்கும். “போனது கணக்கு இல்ல, நின்னதுதான் கணக்கு”ன்னார் சித்தப்பா. அதாவது அனுப்பினதுல திரும்பி வந்தது போக கடையில நின்னது.

இங்க இன்னொரு ஓட்டை தெரிஞ்சது. நான் இந்தக் கணக்கைப் போடறப்ப தீபாவளி முடிஞ்சு மூணு நாள்தான் ஆகுது. 2024 தீபாவளிச் சேலை திரும்பி வர ஆரம்பிக்கவே இல்ல. 2023ல அனுப்பின 310ல 34 திரும்பி வந்துடுச்சு. அந்த வருஷம் பழுத்த கணக்கு, இந்த வருஷம் காய். ரெண்டையும் பக்கத்துல வெச்சா இந்த வருஷம் எப்பவுமே அழகாத்தான் தெரியும். நான் சொன்ன அந்த 6 சதவீதமும் நிக்குமான்னு டிசம்பர் கடைசியிலதான் தெரியும்.

எந்தக் காலம்

முடிவு தைக்கு. அப்ப பாக்க வேண்டியது போன தை, அதுக்கு முந்தின தை. தீபாவளி இல்லவே இல்ல.

இது இப்ப சொல்லும்போது சாதாரணமா இருக்கு. ஆனா நாங்க ரெண்டு பேருமே இத விட்டுட்டோம். ஏன்னா “கடைசியா நடந்தது” எதுவோ அதுதான் கண்ணுக்குப் பெருசாத் தெரியும். தீபாவளிக்கு எல்லாரும் வீட்டுக்கு ஒண்ணுன்னு லைட் வெயிட் எடுப்பாங்க. தையில எடுக்கறது கல்யாணத்துக்கு. முகூர்த்தச் சேலை, சம்பந்திக்கு வெச்சுக் குடுக்கற சேலை. ரகமே வேற.

தைக்கு ஒரு வசதி இருக்கு. தமிழ் மாசம் சூரியக் கணக்கு. தை ஒண்ணு எப்பவும் ஜனவரி 14 இல்லனா 15. தீபாவளி மாதிரி ஓடாது. அதனால இங்க இங்கிலீஷ் தேதி வெச்சே வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடலாம். கடைக்காரங்க எடுக்க ஆரம்பிக்கிறதுல இருந்து தை முடியிற வரைக்கும்னு டிசம்பர் 1 முதல் பிப்ரவரி 15 வரை வெச்சோம். ரெண்டு சீசன்: 2022-23, 2023-24. ரெண்டுலயும் திரும்பி வர வேண்டியது எல்லாம் எப்பவோ வந்து முடிஞ்சது. ரெண்டும் பழுத்த கணக்கு.

பஸ் ஸ்டாண்டுல நின்னுகிட்டே வாட்ஸ்அப்ல அனுப்பினேன்:

“நம்ம தறியில நெஞ்ச சேலை மட்டும். கடைக்கு அனுப்பினது, திரும்பி வந்தது போக. போன ரெண்டு தை சீசன், டிசம்பர் 1 டு பிப்ரவரி 15. லைட், மீடியம், கிராண்ட் மூணு ரகம். ஒரே பக்கம். ஞாயித்துக்கிழமைக்குள்ள. சரியா சித்தப்பா?”

வந்தவாசி தாண்டும்போது வாய்ஸ் நோட் வந்துச்சு. “சரி பாப்பா. ஆனா சேலையா சொல்லாத, பாவா சொல்லு. அவுருக்கு அதான் புரியும்.”

எங்க தறிகள்ல ஒரு பாவுக்கு மூணு சேலை. மூணால வகுத்தா போதும். ஆனா இத நானா யோசிச்சிருக்கவே மாட்டேன்.

மைனஸ் ரெண்டு சேலை

ஹாஸ்டல்ல செவ்வாய்க்கிழமை ராத்திரி கணக்கு முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சேன். கடை வாரியா ஒரு தடவ சரிபார்த்தா, ஒரு கடைக்கு 2023-24 தை சீசன்ல கிராண்ட் ரகம் மைனஸ் 2 வித்ததா வருது. அந்தக் கடைக்கு 3 சேலை போயிருக்கு, 5 திரும்பி வந்திருக்கு. போனத விட அதிகமா எப்படித் திரும்பி வரும்?

ரிட்டன் தேதியப் பாத்தேன். டிசம்பர் முதல் வாரம். அது தைக்கு அனுப்பின சேலையே இல்ல. தீபாவளிச் சேலை! நான் ரிட்டன் வந்த தேதிய வெச்சு கழிச்சிருந்தேன். அதனால தீபாவளியோட மிச்சம் எல்லாம் தை மேல ஏறிடுச்சு. தைக்கு அனுப்பி பிப்ரவரிக்கு அப்புறம் திரும்பி வந்தது எதுவும் கழியவே இல்ல.

ரிட்டன் நோட்டு ஒவ்வொண்ணுலயும் பழைய பில் நம்பர் இருந்துச்சு. அத வெச்சு அந்த பில்லோட தேதிய எடுத்து, அந்தத் தேதியிலதான் கழிக்கணும். ரிட்டன் ஷீட்ல ஒரு காலம் சேத்தேன்:

```
=XLOOKUP(C2, Sales!A:A, Sales!B:B, "பில் இல்லை")
```

C-ல ரிட்டன் நோட்டுல இருக்கற பழைய பில் நம்பர், Sales ஷீட்ல A பில் நம்பர், B பில் தேதி. “பில் இல்லை”ன்னு நாலு வரி வந்துச்சு. சித்தப்பாவுக்கு போன் பண்ணி, எந்தக் கடை, எந்தச் சேலைன்னு கேட்டு கையால போட்டேன்.

நெகட்டிவ் மட்டும் வராம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. மொத்தக் கூட்டல்ல பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சது. அதனால யாராவது இந்த மாதிரி கணக்குப் போட்டா, மொத்தத்தோட நிக்காம ஒரு கடை, ஒரு ரகம்னு சின்னதா உடைச்சு, நடக்க முடியாத நம்பர் எங்கயாவது இருக்கான்னு பாருங்க.

ஒரு பக்கம்

சனிக்கிழமை ஊருக்கு வந்து, நவம்பர் 10 ஞாயித்துக்கிழமை காலையில குடுத்தது ஒரே ஒரு பேப்பர். அதுல இருந்தது இவ்ளோதான்.

லைட்: முந்தின தையில நின்னது 90 சேலை, போன தையில 78.

மீடியம்: 96, அடுத்து 108.

கிராண்ட்: 54, அடுத்து 66.

கீழ ஒரு வரி: போன தை மாதிரியே போனா 26 பாவு லைட், 36 பாவு மீடியம், 22 பாவு கிராண்ட். மொத்தம் 84.

இந்த முறை சித்தப்பா போனை எடுக்கல. பேப்பர பாவு போடறவர் கையில குடுத்தார். அவர் கண்ணாடி போட்டுப் படிச்சார். ரெண்டு பேரும் கால் மணி நேரம் பேசினாங்க. சித்தப்பா முதல்ல சொன்ன 60 பாவு லைட் ஞாபகம் இருக்கா? 180 சேலை. போன தையில கடையில நின்னது 78. மிச்சம் நூத்துச் சொச்சம் சேலை. ஒரு லைட் சேலைக்கு அவருக்கு அடக்கம் மூவாயிரம் ரூபாய் கிட்ட ஆகும். மூணு லட்சம் ரூபாய், அதுவும் கடனுக்கு வாங்கின நூலும் சரிகையும், பீரோவுல மடிச்சு உக்காந்திருக்கும். அதே நேரம் கல்யாணத்துக்குக் கிராண்ட் கேக்கற கடைக்காரனுக்கு இல்லன்னு சொல்லியிருப்பார். நெய்ய நாளாகற ரகத்த ஜனவரில கேட்டா ஜனவரில குடுக்க முடியாது.

அதுக்குக் காரணமா இருந்திருக்கும் அந்த வட்டப் படத்துல ஒரு நம்பர் கூடத் தப்பு இல்ல. அதான் இன்னும் எனக்கு உறுத்துது. ஒவ்வொரு பில்லும் சரி, ஒவ்வொரு கூட்டலும் சரி.

அப்புறம் என்ன ஆச்சு

ஏப்ரல்ல ஊருக்குப் போனப்ப கேட்டேன். பேப்பர்ல இருந்தபடிதான் பாவு ஏறியிருக்கு. கடைசியில திரும்பி வந்து நின்னது லைட்ல 4, கிராண்ட்ல 5. மீடியம்லதான் 20க்கு மேல. ஏன்னு பாத்தா, போன தையில மீடியம் எடுத்த 108ல 18 ஒரே கடை. அந்தக் கடை இந்த வருஷம் எடுக்கவே இல்ல. என் ஒரு பக்கத்துல கடைகள் இல்ல. வெளியன்னு நானேதான் தள்ளி வெச்சேன். அடுத்த முறை அந்தப் பேப்பர்ல ஒரு வரி கூடும்: பத்துல ஒரு பங்குக்கு மேல எந்தக் கடையாவது ஒரே ஆளா எடுத்திருந்தா அதோட பேரு.

சித்தி இன்னொண்ணு சொன்னாங்க. “நீ வித்ததத்தான எழுதற. கேட்டு இல்லன்னு சொன்னத எங்க எழுதற?” உண்மைதான். பில்லுல இருக்கறது நாம அனுப்பினது. கடைக்காரங்க கேட்டு நம்ம கிட்ட இல்லாம போனதுக்கு பில்லே கிடையாது. எந்த XLOOKUP போட்டாலும் அது வராது. இப்ப போன் பக்கத்துல ஒரு நாப்பது பக்க நோட்டு தொங்குது. தேதி, கடை, கேட்ட ரகம், எத்தனைன்னு சித்தி எழுதறாங்க. அடுத்த தைக்கு அதுவும் உள்ள.

போன மாசம் இங்க டிபார்ட்மென்ட்ல சிம்போசியம் முடிஞ்சதும் ஒரு சார் வந்து “ரெஜிஸ்ட்ரேஷன் பத்தி ஒரு ரிப்போர்ட் குடும்மா”ன்னார். பழக்க தோஷத்துல லேப்டாப்பைத் திறந்துட்டேன். அப்புறம் மூடிட்டுக் கேட்டேன்: “யாருக்கு சார் குடுக்கப் போறீங்க?”

அவர் கொஞ்சம் யோசிச்சு, “பிரின்சிபால் கேட்டார். அடுத்த வருஷம் பெரிய ஹால் வேணுமான்னு பாக்கணுமாம்”ன்னார்.

ரெஜிஸ்டர் பண்ணது எத்தனைன்னு அவருக்கு வேண்டியதே இல்ல. ஒரே நேரத்துல ஹாலுக்குள்ள உக்காந்திருந்தது அதிகபட்சம் எத்தனை பேர்னுதான் வேணும். ஒரு வரில முடிஞ்சது.

அந்த 22 பக்கம் இன்னும் வீட்ல இருக்கு. பின்பக்கம் வெத்துங்கிறதால சித்தி அதுலதான் பால் கணக்கு எழுதறாங்க. அவங்களுக்கு அந்தக் கணக்கு யாருக்கு, எந்த மாசத்துக்கு, எதெல்லாம் சேத்துன்னு நல்லாத் தெரியும்.